மசாலா மில்லுக்காக நான் எழுதிய மின்னஞ்சல்

முத்தையாபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மசாலா மில் இருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். கணவர் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாவற்றையும், கணவர் உட்பட, மனைவி பார்த்துக்கொள்வார். அந்த இடத்தைத் தும்மாமல் கடந்தவர் கிடையாது. தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போகும்போது நானும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் போவேன்.

அன்று முதல் தும்மலிலேயே அந்த அம்மாள் என்னைப் பிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாங்க. ஆபீஸுக்கு ஒரு மெயில் போடணும். தமிழ்ல, முறையா."

முறையாக என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். முப்பத்து நான்கு வருடம் உள்ளாட்சி அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் யாரும் பாட்டுப் பாடச் சொன்னதில்லை. படம் வரையச் சொன்னதில்லை. மனு எழுதச் சொல்வார்கள். என் கலை அதுதான்.

விஷயம் இதுதான். மில்லுக்கான தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க, பழையது காலாவதியாகும் முன்பே, நான் ஓய்வு பெற்ற அதே அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டார்கள். கட்டணமும் கட்டியாகிவிட்டது. சுகாதார ஆய்வாளர் வந்து, பார்த்து, தும்மிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இணையத்தில் எப்போது பார்த்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி. நேரில் போய்க் கேட்டால் இணையத்தில் பார்க்கச் சொல்கிறார்கள்.

"துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு நாங்கதான மசாலா போடுதோம். அந்தக் கான்ட்ராக்டர் லைசென்ஸ் காப்பி கேக்கான். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம். புது லைசென்ஸ் வரலைன்னா, இன்ன நெலமையில இருக்குன்னு ஆபீஸ்ல இருந்து எழுத்துல ஒரு பதிலாவது வேணுமாம். ரெண்டும் இல்லைன்னா வேற மில்லுக்குப் போயிருவானாம்."

உள்ளே எந்திரத்தின் பக்கத்திலிருந்து கணவர் கத்தினார். "அந்த ஆர்டர் போச்சுன்னா மில்லுல பாதி நாளு ஈ ஓட்ட வேண்டியதுதான், அண்ணாச்சி!"

"இங்க ஈ எங்க வரும்? மொளகா நெடிக்கு ஈயே செத்துப்போவும்," என்றார் மனைவி.

வேண்டியது ஒரே ஒரு வரிப் பதில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்து, என் கணினியில் தன் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை என்று வரிசையாகப் போட்டேன். மின்னஞ்சலில் யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பது மேலேயே தெரியும், மறுபடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தலையில்தான் முடி இருக்கிறதே, தொப்பி எதற்கு என்று போலீஸ்காரரிடம் கேட்பீர்களா?

பார்வையில் ஏழு கடிதங்களையும் ரசீதுகளையும் எண்ணிட்டுக் குறிப்பிட்டேன். பிறகு உடல்:

"மேற்காணும் பொருள் தொடர்பாக, பார்வை ஒன்றில் கண்ட எனது விண்ணப்பத்தின் மீது இதுநாள்வரை எவ்வித ஆணையும் பிறப்பிக்கப்படாத நிலையில், பார்வை மூன்று முதல் ஆறு வரையிலான ஆவணங்கள் தங்களது மேலான கவனத்திற்கு மீண்டும் கொண்டுவரப்படுகின்றன..."

அப்படியே ஒன்றரைப் பக்கம். அந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"அண்ணாச்சி, இதுல என் லைசென்ஸ் என்ன ஆச்சுன்னு எங்க கேட்டிருக்கிய?"

"இரும்மா. கடைசிப் பத்தியில வருது."

"அதுக்குள்ள படிக்கிறவன் ரிட்டயர் ஆயிருவானே."

காதில் வாங்கவில்லை. கலைஞன் வேலை செய்யும்போது பேசக்கூடாது. கடைசியாக என் முத்திரை வரி: நகல். ஒன்று, அலுவலகத் தலைமைக்கு. இரண்டு, மண்டல மேலதிகாரிக்கு. மூன்று, துறை இயக்ககத்துக்கு. நான்கு, மாவட்டக் குறைதீர் பிரிவுக்கு. நகல் பகுதியில் நான்கு முகவரிகளையும் தட்டினேன். நான் சர்வீஸில் இருந்தபோது இப்படி நகல் போட்ட கடிதம் வந்தால் நானே டீயை வைத்துவிட்டுக் கோப்பைத் தேடி ஓடுவேன். அந்த ஓட்டத்தை மற்றவர்களுக்கும் கொடுப்பதில் ஓய்வூதியம் வாங்குவதைவிடச் சுகம் இருக்கிறது.

அனுப்பினோம். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மாலை மொட்டைமாடியில் நான் கொஞ்சம் அதிக நேரம் உலாவினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. என்னிடம் உதவியாளராக இருந்த பெண், இப்போது அங்கே உரிமப் பிரிவைப் பார்க்கிறார்.

"சார், மசாலா மில் மெயில் நீங்க எழுதினதுதான?"

"கையெழுத்து அந்த அம்மாவோடது," என்றேன், ஜாக்கிரதையாக.

"பார்வையில ஏழு வரைக்கும் நம்பர் போடுற ஆள் இந்த ஊர்ல வேற யாரு சார் இருக்கா? ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? ஆய்வாளர் அறிக்கை சரியா இருக்கு. புதன்கிழமை காலையில அந்தக் கோப்பை ஒப்புதலுக்கு வைக்கிறதா இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்க மெயில் வந்துச்சு."

"வந்தா நல்லதுதானே?"

"எனக்கு மட்டும் வந்திருந்தா நல்லதுதான் சார். நாலு மேலிடத்துக்கும் போயிருக்கே. மூணு இடத்துல இருந்து அறிக்கை கேட்டாச்சு. மனுன்னு நம்பர் போட்டாச்சு. மேலிடத்து மனு வந்தா மூலக் கோப்பும் மனுவோட மனுப் பிரிவுக்குப் போகணும். அது சுற்றறிக்கை."

"அப்படி ஒரு மடத்தனமான சுற்றறிக்கையை யார் போட்டது?"

மிகுந்த மரியாதையோடு, "நீங்கதான் சார்," என்றார்.

ஞாபகம் வந்தது. கோப்பும் மனுவும் வெவ்வேறு மேசையில் கிடந்து ஒருமுறை நான் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்காக, ஓய்வு பெறும் முன்பு நான் வரைந்து, கையொப்பத்துக்கு வைத்து, அலுவலகம் முழுவதற்கும் அனுப்பிய சுற்றறிக்கை. என் பெயர் சொல்ல அந்த அலுவலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"இப்ப என்ன வழி?"

"அறிக்கை தயாராக ரெண்டு வாரம் ஆகும் சார். மனுதாரரே மனு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா, கோப்பு ரெண்டு மூணு நாள்ல என் மேசைக்கு வந்திரும்."

மில்லுக்குப் போனேன். அன்று தும்மல்கூட வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். சுற்றறிக்கை யாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாள் பார்த்த பார்வையில் அதையும் சொல்லிவிட்டேன்.

கணவர் எந்திரத்தை நிறுத்தினார். அந்த மில் பகல் நேரத்தில் அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏளா, அப்ப அண்ணாச்சி செஞ்ச பூட்டை அண்ணாச்சியே நமக்குப் போட்டுட்டாவ."

"நீங்க சும்மா இரிங்க. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாளு இருக்கு."

மனுவைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வாசகம் உண்டு. அதை நான் நூறு பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பேன். அவருடைய ஃபோனை வாங்கி அங்கேயே தட்டினேன்: "எனது குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. அதில் எனக்கு மனநிறைவு ஏற்பட்டுள்ளது. ஆகவே மனுவின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அந்த அம்மாள் வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"யாருக்கு மனநிறைவு?"

"அது சும்மா வழக்கமா எழுதுறதும்மா."

"லைசென்ஸ் கைக்கு வரலை. ஆர்டர் தொங்கிக்கிட்டு நிக்கி. எனக்கு மனநிறைவுன்னு எழுதி நானே அனுப்பணுமாக்கும்?"

"அப்படி எழுதினாத்தான் மனுவை முடிப்பாங்க."

"முடிச்சு என்ன செய்வாவ?"

"பதிவறைக்கு அனுப்புவாங்க."

"எதை?"

"மனுவை."

"மனுகூட என் கோப்பும் சேந்துதான கெடக்கு? எல்லாம் தீந்துபோச்சுன்னு நானே எழுதிட்டா, ரெண்டையும் ஒண்ணாக் கட்டி அங்கன கொண்டு போட்டிர மாட்டாவளா?"

தீர்க்கப்பட்டது என்று எழுதி வந்த மனு, மூலக் கோப்போடு சேர்ந்தே முடிந்த கோப்பாகும். அதைத் தூசி தட்டி வெளியே எடுக்க அடுத்த நிதியாண்டுகூட ஆகலாம். அதுவும் என் சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி. எழுதிய எனக்கு மறந்துபோனது, மிளகாய் அரைக்கிறவருக்குத் தட்டுப்படுகிறது.

"தள்ளுங்க அண்ணாச்சி," என்று ஃபோனை வாங்கிக்கொண்டார். மூடை மேல் உட்கார்ந்து, கை மிளகாயாக இருந்ததால் ஒரே விரலால், அவரே தட்டினார். எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அனுப்பிய பிறகுதான் பார்க்கக் கொடுத்தார்.

பொருள் என்ற இடத்தில் விண்ணப்ப எண்ணும், 'தொழில் உரிமம் புதுப்பித்தல், நிலை அறிய' என்பதும் இருந்தன. கீழே:

"ஐயா, வணக்கம். இந்த விண்ணப்பத்தைப் பற்றி சென்ற செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய மனுவைத் திரும்பப் பெறுகிறேன். என் குறை இன்னும் தீரவில்லை. மனு மட்டும்தான் வேண்டாம், விண்ணப்பம் வேண்டும். கோப்பை உரிமப் பிரிவுக்கு அனுப்பி, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒரு வரி பதில் தரவும். இப்படிக்கு..." பெயர், மில் முகவரி, கைபேசி எண்.

அலுவலகத்துக்கு ஒன்று போயிருந்தது. வேறு யாருக்கும் போகவில்லை.

"மேலிடத்துக்கும் தெரிவிச்சிருக்கலாமே," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பதில் இல்லை. நான் வேறு தெரு வழியாகப் பேப்பர் வாங்கப் போனேன். வியாழக்கிழமை கணவர் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, மொளகா நெடி ஒத்துக்கிடலையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். கலைஞனுக்குத் தோல்வி வரலாம். அதற்கு இன்னொருத்தர் வீட்டு அடுப்பு அணையக்கூடாது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் நானே மில்லுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. ஒரு மணிக்கு மேல் அந்த அம்மாளின் ஃபோன் ஒலித்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தங்கள் மனு திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது. தங்கள் உரிமப் புதுப்பித்தல் விண்ணப்பம் கள ஆய்வு முடிந்து, ஒப்புதலுக்காக இன்று சமர்ப்பிக்கப்பட்டுள்ளது."

இரண்டே வாக்கியம். கான்ட்ராக்டர் கேட்டது இதுதான்.

"கான்ட்ராக்டருக்கு அனுப்புறதுக்கு முன்னால, மேல ஒரு முகப்புக் கடிதம் வச்சா நல்லா இருக்கும்," என்றேன். "இத்துடன் இணைக்கப்பட்டுள்ள பார்வையில் கண்ட..."

"அனுப்பியாச்சு அண்ணாச்சி," என்றார் அந்த அம்மாள். "ஓகேன்னு பதிலும் வந்துட்டு."

கணவர் எந்திரத்தைப் போட்டார். கேன்டீனுக்கு சனிக்கிழமை போக வேண்டிய மல்லி காத்திருந்தது. எனக்குத் தும்மல் வந்தது, இரண்டல்ல, ஐந்தாறு.