ஐந்து மருந்தும் ஒரே சிரிஞ்சும்

தேயிலை பேக்டரியில் வருடக்கணக்காகக் கலவை போட்டவன் நான். பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் வைத்தபோது, அந்தத் திமிரோடுதான் மருந்து கொடுக்க உட்கார்ந்தேன். நான்கு மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்து, சிரப்பையும் ஊற்றிக் கலக்கி, ஒரே சிரிஞ்சில் ஏற்றினேன். பாதியிலேயே கட்டியாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுபடாவிட்டால் ஊட்டிக்குக் கொண்டுபோய்ப் புதுக்குழாய் இறக்க வேண்டும். முதல் குழாய்க்கே அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வீடு வீடாக வரும் நர்ஸைக் கூப்பிட்டேன்; அப்போது அவர் பக்கத்து ஊரான கேத்தியில் இருந்தார். "அழுத்தித் தள்ளீராதீங்கண்ணா, வர்றனுங்க" என்றார் போனில்.

வந்ததும் மூக்கருகே குழாயில் இருந்த குறி நகரவில்லை என்று பார்த்துக்கொண்டார். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மெல்லத் தள்ளி, இழுத்து, சற்று விட்டு மறுபடி தள்ளினார். கால் மணி நேரத்தில் தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. எனக்கு உயிர் வந்தது.

"ஏனுங்கண்ணா, எல்லாத்தையும் ஒண்ணாவா கலக்குவாங்க? டாக்டர் பொடிக்கலாம்னு சொன்ன மாத்திரைய மட்டும் தனித்தனியா நைசாப் பொடிச்சுத் தண்ணீல கரைங்க. முதல்லயும் தண்ணி, ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் தண்ணி, கடைசீலயும் தண்ணி."

"இவரு போடற டீயையே யாரும் குடிக்கறதில்லீங்க சிஸ்டர்" என்றாள் மனைவி, குழறிய நாக்கோடு. நோய் வந்த பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை. நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாலையில் ஐந்து டம்ளர்களோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் அவள் "தண்ணி" என்று அதட்ட, நான் "சரிங்க" என்று ஊற்றினேன்.