ஒழுகல்காரர் வாங்காத கையெழுத்து

ஒழுகலை அடைக்கிற மனிதருக்கு ஒழுகல்காரர் என்று பெயர் வைத்த ஊரை என்ன சொல்ல! மொட்டை மாடி, குளியலறை, தண்ணீர்த்தொட்டி, எது கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சாப்பிட்ட கையோடு ஓடுவார். பில் போடுவது, வங்கிக்குப் போவது எல்லாம் மனைவிதான். அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது அவளிடம் மிஞ்சியது ஒரு பழைய வேன், இரண்டு வேலையாட்கள், கட்டடக் கம்பெனியில் முடங்கிக் கிடந்த பிடித்தப் பணம்.

ஒவ்வொரு பில்லிலும் கம்பெனி கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதில் பாதி வரும். மீதி, ஒரு வருடம் குறை ஏதும் இல்லாமல் தாண்டினால் வரும். அந்த வருடமும் தாண்டிவிட்டது, பணம்தான் வரவில்லை. வேலையாட்கள் இருவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை. துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

கொழுந்தன் கடிதம் எழுதிக் கொண்டுவந்தான். எங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஒரு வாரத்தில் பணம் வராவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தது. படிக்கும்போது அவளுக்கும் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் அனுப்பும் முன் ஒழுகல்காரர் வேலை செய்த கட்டடத்தின் இன்ஜினியருக்கு ஒரு போன் போட்டாள். ஃபைலில் மூன்று புகார் இன்னும் மூடப்படாமல் இருக்கிறது என்றார் அவர். மொட்டை மாடி, மூன்றாம் மாடிக் குளியலறை, லிஃப்ட் பள்ளத்துச் சுவர்.

மூன்றையும் அவளுக்குத் தெரியும். மூன்றுக்கும் புருஷன் போயிருக்கிறார், ஒரு தடவை கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு. சரிசெய்தார், கைகழுவினார், வந்துவிட்டார். சரியாகிவிட்டது என்று ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் இந்த விஷயத்தில் சுத்த அசடு. அன்று அவர்மேல் அவளுக்கு வந்த கோபம், இறந்தவர்மேல் வரக்கூடாத கோபம்.

கொழுந்தனின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். வேலை முடிந்த சான்றிதழின் தேதி, குறை பார்க்கும் அந்த ஒரு வருடம் முடிந்த தேதி, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை என்று முதலில் வைத்தாள். அடுத்து அந்த மூன்று புகார்களையும் தானே எழுதினாள். சரிசெய்திருக்கிறோம், ஒப்புதல் பெறாதது எங்கள் தவறு, சேர்ந்து வந்து பார்ப்போம். எதில் கசிவு நிற்கவில்லையோ அதை எங்கள் செலவில் செய்து தருகிறோம், அதற்கான தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இந்த மாத முடிவுக்குள் விடுவியுங்கள். பிரிவின்படி எங்களுக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கடைசி வரி.

கொழுந்தன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அண்ணி, நீங்களே குறையைக் காட்டிக்குடுக்கிறீங்களே?"

"அவங்க ஃபைல்ல இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதா? நாம மறைச்சா நம்ம பேச்சுதான் பொய்யாப் போகும்."

அந்த வாரத்திலேயே வரச்சொல்லிப் பதில் வந்தது. வேலையாட்களில் மூத்தவரான மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனாள். கசிகிறதா என்று பார்க்க முதல்நாளே மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்த தளத்தின் கூரையைத் தடவிப் பார்த்தார் இன்ஜினியர். காய்ந்திருந்தது. குளியலறையும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டவர், பேனாவை மூடாமல் சற்று நின்றார். "அன்னிக்கு மழையில வந்தாரும்மா. ஒரு கையெழுத்து வாங்கிட்டுப் போங்கன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். கையெழுத்தான தாளை அவள் வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் பள்ளத்தில் மட்டும் சுவரோரம் ஈரம் பூத்திருந்தது. மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. அவள் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்கே ஆட்கள் வருவார்கள் என்றாள்.

எழுதியபடியே நடந்தது. அந்தச் சுவருக்கான தொகையை மட்டும் நிறுத்தி, மாத முடிவுக்குள் மீதியை அனுப்பினார்கள். வேலையாட்களின் பாக்கியைக் கையில் கொடுத்தபோது இருவரும் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்கள்.

சுவர் வேலை முடிந்து, காய்ந்து, மறுபடி பார்த்தார்கள். பொட்டு ஈரம் இல்லை. மேஸ்திரி கைகழுவினார், கருவிகளைச் சாக்கில் கட்டினார், வேனை நோக்கி நடக்க ஆரம்பித்தார். ஒழுகல்காரரிடம் பழகிய நடை அது. அவளுக்கு அவரே போவதுபோல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை.

"கொஞ்சம் இருங்க. கையெழுத்து வாங்கிட்டுப் போவோம்."