ரெண்டு, ஒண்டு, ரெண்டு

மன்னார்த் தீவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்புக்கு ரீச்சராக இருந்தேன். பயிற்சி பெறாத ரீச்சர். கொழும்புக்குப் போய்ப் பயிற்சிக் கலாசாலையில் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. அதற்கு இன்ஸ்பெக்டரின் சிபாரிசு வேண்டும். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து, ஒரு காலைப்பொழுது வகுப்புகளைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு போய்விடுவார்.

அவர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே எங்கள் ஒத்திகை தொடங்கிவிடும். பள்ளித் தலைவி மதர் ஒரு பாடத்தைத் தெரிவு செய்வார். அதற்கு ஒரு பயிற்சித் தாள் தயாராகும். அதில் ஒரு பிரதி முன்கூட்டியே இன்ஸ்பெக்டரின் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, போகும். பிள்ளைகள் அதே தாளைத் தினமும் எழுதுவார்கள். அவர் வந்த அன்று, இன்றைக்குத்தான் புதிதாகக் கண்டவர்கள் போல எழுதுவார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. எல்லாப் பள்ளிகளும் அப்படித்தான் செய்தன, இன்ஸ்பெக்டருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த வருடம் வந்தது எழுத்துக்கூட்டல். ஒரு வினைச்சொல்லோடு ing, ed, er சேர்க்கும்போது கடைசி மெய்யெழுத்தை இரட்டிப்பதா, அப்படியே விடுவதா என்ற பாடம். தாளில் எட்டுச் சொற்கள்: run, rain, stop, sit, jump, swim, look, cut. மேலே விதி. ஓரசைச் சொல்லாக இருக்க வேண்டும்; முடிவில் ஒரே ஒரு மெய்; அதற்கு முன்னால் ஒரே ஒரு உயிர். அப்படியானால் மெய்யை இரட்டிக்கவும். உயிர் இரண்டு இருந்தாலோ மெய் இரண்டு இருந்தாலோ இரட்டிக்கக்கூடாது. w, x, y மூன்றையும் எப்போதும் இரட்டிப்பதில்லை.

இரண்டாவது வாரம் என் இருபத்துநாலு பிள்ளைகளும் எட்டுக்கு எட்டு எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு ஒருநாள் இடைவேளையில் வெளியே கழுதைகளைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பாடியது காதில் விழுந்தது. "ரெண்டு, ஒண்டு, ரெண்டு, ரெண்டு, ஒண்டு, ரெண்டு, ஒண்டு, ரெண்டு." தாளின் எட்டு விடைகளும் வரிசையாக: இரட்டித்தால் ரெண்டு, விட்டால் ஒண்டு. மாதா கோயிலில் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லுகிற அதே இராகம். கத்தோலிக்கப் பிள்ளைகள் தொடங்கிவைக்க, குர்ஆன் ஓதற்பள்ளியில் நீண்ட பாடங்களை மனனம் செய்து பழகிய முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். மனனத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வெல்ல ஆளில்லை. அதைக் கெட்டித்தனமென்றே இன்றும் சொல்வேன். கெடுதல் செய்தது நாங்கள்.

உள்ளே கூப்பிட்டுக் கரும்பலகையில் முதல் இரண்டு சொல்லையும் இடம் மாற்றி எழுதினேன். rain மேலே, run கீழே. இருபத்துநாலு பேரும் rainning என்றும் runing என்றும் எழுதினார்கள். ஒருத்தியாவது நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைதான். பன்னிரண்டு வயதில் ஒரு புலமைப்பரிசில் சோதனைக்கு இப்படித்தான் விடைகளை வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். கேள்விகள் வேறு வரிசையில் வந்தன. நான் பாடமாக்கிய வரிசையிலேயே எழுதிவிட்டு, முதலாவதாக வருவேன் என்று வீட்டில் சொன்னேன். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

மதரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரி, நல்லவர், பயந்தவர்.

"தாளை மாத்தப் போறன் மதர். பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"உமக்கென்ன விசரோ? தாள் கந்தோருக்குப் போயிட்டுது. அவர் அதைத்தான் கையில வச்சுப் பாப்பார்."

"பாக்கட்டும்."

"பிள்ளையள் பிழை விட்டா உம்மடை சிபாரிசு போயிடும். தையில கொழும்புக்குப் போகவேணுமெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம், நான்தான் சொன்னனான்."

நான் அனுமதி கேட்கவில்லை.

ஒரு வாரம்தான் மிச்சம். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் பிள்ளைகளைப் பெருவிரலை வைக்கச் சொன்னேன். விரலுக்குக் கீழே எத்தனை மெய்? ஒன்று. அதற்கு முன்னால் எத்தனை உயிர்? rain என்றால் a, i இரண்டு, ஆகவே விடு. jump என்றால் m, p இரண்டு மெய், ஆகவே விடு. முதல் மூன்று நாள் எல்லாரும் தடுமாறினார்கள். எட்டுக்கு எட்டு எடுத்தவர்கள் மூன்று எடுத்துவிட்டு அழுதார்கள். நானும் ஒருதரம் கத்திவிட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று விடிந்ததும் பள்ளிக்குப் போனேன். தகரத் தட்டில் ஜெலி ஊற்றி வைத்துப் பிரதி எடுக்கிற காலம் அது. ஊதா மையால் எழுதிய தாளை ஜெலியில் அழுத்தி உரித்தால் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வெற்றுத் தாளை ஒவ்வொன்றாக வைத்து எடுக்கலாம். மன்னார் வெயில் ஏறினால் ஜெலி இளகி எழுத்துப் பரவிவிடும். ஈரச் சாக்கின் மேல் தட்டை வைத்து இருபத்துநாலு பிரதி எடுத்தேன். எட்டும் புதுச் சொல். கை ஊதாவாகவே இருந்தது.

இன்ஸ்பெக்டர் கதிரையில் உட்கார்ந்து, கோப்பில் இருந்த தாளையும் மேசையில் இருந்த தாளையும் பார்த்தார்.

"இது எனக்கு அனுப்பிய தாள் அல்லவே?" என்றார் ஆங்கிலத்தில்.

"இல்லை, சேர். அது இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

வாசலில் நின்ற மதர் சிலுவைக் குறி போட்டார்.

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மீன்பிடிகாரரின் மகளை எழுப்பி, தாளிலேயே இல்லாத tax என்ற சொல்லைப் பலகையில் எழுதி, ed சேர்க்கச் சொன்னார். பிள்ளை பெருவிரலை x மேல் வைத்தாள். ஒரு மெய், ஒரு உயிர். இரட்டித்துவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உதட்டுக்குள் எதையோ எண்ணிவிட்டு, ஒரே x போட்டு taxed என்று எழுதினாள்.

"ஏன் இரட்டிக்கவில்லை?"

"எக்ஸ் நெவர் டபிள், சேர்," என்றாள், அவர் கண்ணைப் பார்த்து.

தாள்கள் அவ்வளவு நன்றாக வரவில்லை. முழுதும் சரியாக எழுதியவர்கள் ஒன்பது பேர். ஒருத்தி cookking என்று எழுதியிருந்தாள். ஒருத்தி எட்டில் இரண்டு. பக்கத்து வகுப்பு பழைய தாளை எழுதி எல்லாரும் எட்டுக்கு எட்டு எடுத்தது. அந்த ரீச்சர் தையில் கொழும்புக்குப் போனாள்.

என் வகுப்பைப் பற்றிய குறிப்பை மதர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு வாசித்தார். சிபாரிசு இல்லை. காரணமாக ஒரு வரி: வகுப்பு ஒரே சீராக இல்லை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் மதர். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "இப்ப என்ன செய்யப் போறீர்?"

பிள்ளைகளின் தாள்களை மேசையில் தட்டி அடுக்கினேன்.

"இருபத்துநாலு பிள்ளையள் ஒரே சீரா எழுதினா, அப்பதானே மதர் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேணும்? இது அவையளின்ரை சொந்தப் பிழை. இனி ஒவ்வொண்டாத் திருத்துவன்."

வகுப்புக்குப் போய், cookking எழுதியவளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நான் கேட்காமலே பெருவிரலைத் தூக்கி k மேல் வைத்தாள்.