தோற்றவருக்கு வைத்த வரம்பு

“செவ்வாய், காலை 10.20: லவால் நகர வாடிக்கையாளரின் பந்தயத் தொகைக்கு வரம்பு கேட்டேன்” என்கிறது என் குறிப்பேடு. சென்ட் லோரன்டில் ஒரு பந்தய நிறுவனத்தில் கைப்பந்து ஆட்டங்களுக்கு முதல் விலை வைப்பது, அதாவது வென்றால் ஒரு டொலருக்கு எவ்வளவு திரும்பக் கொடுப்போம் என்று முடிவுசெய்வது, என் பொறுப்பு.

மேலாளர் சிரித்தார். “தோக்கிற ஆளை ஏன் தம்பி கட்டுறீர்? வெல்லுறவனைப் பிடியும்!”

“அண்ணை, அவர் எடுத்த விலையளைப் பாருங்கோ. நான் 2.10 போட்ட உடனை எடுக்கிறார். பேந்து மற்ற ஆக்களும் அந்தப் பக்கமே காசு வைக்க, ஆட்டம் தொடங்கேக்கை அது 1.85. எப்பவும் இப்பிடித்தான். இப்ப அதிர்ஷ்டம் இல்லை, பேந்து வெல்லுவார்.”

மேலாளர் இணங்கும்வரை நான் நகரவில்லை. கணக்கை மூடாமல், வைக்கக்கூடிய தொகையை மட்டும் குறைத்தோம். அந்த வாடிக்கையாளர் எந்த அணியின் பக்கம் வைத்தாலும் உடனே அந்த விலையைக் குறைத்தேன். என் முதல் விலைகளின் பிழைகள் அப்படித்தான் தெரியவந்தன.

அவர் தனியாள்தானா, ஒரு குழுவுக்காக வைத்தவரா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.