நாலு மணி மணியும் இரண்டு பக்கக் கடிதமும்

கொல்லிமலையில், செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலம் அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சூடேறினால் நின்றுவிடும் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று. தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தவன் என்பதால் ஊரின் ரகசியமெல்லாம் முதலில் என் கண்ணில்தான் படும். சொத்துத் தகராறு, பட்டா மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சிரிக்காமல் அடித்துக்கொடுத்த எனக்கு, ஒரு ஜனவரி மாதச் சந்தை நாளில் வந்த கடிதத்தை அப்படி அடிக்க முடியவில்லை.

அன்று காலையில் ஊர்ப் பள்ளியின் ஆலோசகர் வந்தார். வாரம் ஒரு நாள் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸேறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் வாந்தி எடுக்காமல் தாண்டி வந்து, பிள்ளைகளோடு தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற இளம்பெண். பிள்ளைகளுக்கு அவர் 'ஆலோசனை மேடம்'.

"அண்ணா, பத்தாவது பெற்றோருக்கு ஒரு கடிதம். சாயங்காலம் மீட்டிங்ல குடுக்கணும். எம்பது காப்பி. நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று கையால் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

'நாலு மணி' என்றதும் எனக்குள் பெருமை பொங்கியது. அந்த நேரத்துக்கும் எனக்கும் ஒரு சொந்தம் உண்டு.

எங்கள் தெருவில் அந்த வருடம் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர். என் மகளும் அதில் ஒருத்தி. பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மண்டையில் ஆணி அடித்தாற்போல நிற்கும் என்று நம்பிய ஐந்து அப்பாக்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவர் முறைபோட்டுக் கைமணி அடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று வர வேண்டும். எந்த வீட்டில் விளக்கு எரியவில்லையோ அந்த வாசலில் நின்று எரிகிறவரை அடிக்க வேண்டும். யோசனை என்னுடையது. பள்ளியில் ஓரமாகக் கிடந்த பித்தளை மணியைக் கெஞ்சி வாங்கி வந்தவனும் நான். முறைப் பட்டியல் என் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. மார்கழிக் குளிரில், மஃப்ளர் கட்டிக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் மணியோசையோடு நான் நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் கோயிலில்லாத தெருவுக்குப் பூசாரி எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

பலன்? அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் என் மகள் பாதித் தாளோடு மேசையில் கவிழ்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பிப் பார்த்தபோது முக்கோணத்தின் மேல் எச்சில் ஒழுகியிருந்ததாம். முப்பத்திரண்டு மார்க். ஃபெயில். பத்தாவதுக்குப் பிறகு நாமக்கல்லில் கணக்கு குரூப் எடுக்க வேண்டும் என்று ஏழாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பொதுத்தேர்வுக்கு இரண்டரை மாதம்கூட இல்லை.

அறிவுள்ளவன் யோசித்திருப்பான். நான் மணியை மூன்றரைக்கு மாற்றினேன்.

இந்தப் பெருமைகளோடுதான் ஆலோசகரின் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தேன். 'அன்புள்ள பெற்றோருக்கு' வரை ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் என் காதைப் பிடித்துத் திருகியது.

பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது என்று எழுதியிருந்தார். தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பு இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதனால் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாலும் அவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் எழ முடியாமல் கிடப்பதும் சோம்பேறித்தனம் அல்ல, வளர்ச்சி. எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டிய பிள்ளையை நாலரை, ஐந்து மணி நேரத்தில் எழுப்பினால், அடுத்த நாள் கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. பகலில் படித்ததை மூளை பிரித்து அடுக்கி நினைவில் பதிப்பது தூக்கத்தில்தான். அதில் ஒரு பெரும் பகுதி விடியும் நேரத்துத் தூக்கத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் எழுப்பிப் படிக்க வைப்பது, அடுக்கிக்கொண்டிருக்கிறவரின் கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கி, மேலே இன்னொரு மூட்டையைப் போடுவது போல.

அடுத்த பத்தி இது: 'ஒரு தெருவில் விடியற்காலையில் மணி அடித்துப் பிள்ளைகளை எழுப்புகிறார்கள் என அறிகிறேன். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் வகுப்பில் தூங்குகிறார்கள். தயவுசெய்து அந்த மணியை நிறுத்துங்கள்.'

எனக்கு வியர்த்துவிட்டது. கொல்லிமலையில், ஜனவரியில், ஃபேன் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாலையில் எண்பது பெற்றோர் இதைப் படிப்பார்கள். என் கூட்டாளி மிளகு வியாபாரி அந்த ஐந்து அப்பாக்களில் ஒருவர். அவர் மகன் போன வாரம் ஸ்கூல் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். சத்துக் குறைவு என்று அவனுக்கு முட்டை கொடுக்கச் சொன்னதும் நான்தான். என் கதி என்னாவது? கதவைப் பாதி சாத்திவிட்டு ஒரு காரியம் செய்தேன். மணிப் பத்தியைத் தூக்கினேன். தூக்கிய கை சும்மா இருக்கவில்லை. 'எட்டிலிருந்து பத்து மணி நேரம்' என்பதை 'ஆறு மணி நேரம்' என்று திருத்தியது. ஆறு என்றால் ஒன்பதரைக்குப் படுத்தால் மூன்றரை வந்துவிடுமே! மணியும் பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று எண்பது காப்பியையும் ஓட்டிவிட்டேன்.

மூன்றரைக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். நான் அடித்ததில் பிழை பார்ப்பது எப்போதும் அவள் வேலை. காப்பி எடுத்த கடிதத்தை அவள் கையில் தர மனமில்லை. அவளே ஒன்றை உருவிக்கொண்டாள்.

"அப்பா, ஆறு மணி நேரம் தூங்குனா போதும்னா மேடம் எழுதிருக்காங்க?"

"ஆமா சாமி. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான இருக்கும்."

"எங்ககிட்ட எட்டுக்குக் கொறையக் கூடாதுன்னு சொன்னாங்களே..."

கேள்வியை முடிக்கவில்லை. நான் பதில் தேடிக்கொண்டே பேப்பர் கட்டை அடுக்கித் திரும்பிப் பார்த்தால், சூடாக இருந்த ஜெராக்ஸ் மெஷின் மூடியின் மேல் கன்னத்தை வைத்து அவள் தூங்கிவிட்டிருந்தாள். வெளியே சந்தை இரைச்சல். சேந்தமங்கலம் பஸ்காரர் ஹாரனை விடவேயில்லை. வாழைத்தார் பேரம் பேசுகிறவர்கள் சண்டைக்கு நின்றார்கள். அவள் கண்ணிமைகூட அசையவில்லை. கையில் 'ஆறு மணி நேரம்' கசங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்று தோளைத் தொட்டேன். கண் திறக்காமலே, "எந்திரிச்சுட்டேன்ப்பா, லைட்டப் போட்டுட்டேன்ப்பா" என்றாள். மறுபடி தூங்கிப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஆலோசகர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காப்பி ஆச்சுங்களா அண்ணா?" என்றார்.

 பேப்பர் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ஆச்சுங்க மேடம். ஆனா கொஞ்சம் தப்பாயிருச்சுங்க."

"எது தப்பு?"

"மணி விட்டுப்போச்சுங்க. அப்பறம் எட்டும் பத்தும் ஆறா ஆயிருச்சுங்க."

"தானா ஆயிருச்சுங்களா?"

"இல்லீங்க. நான் ஆக்கிப்போட்டேன். அந்த மணி அடிக்கிறவன் நான்தானுங்க."

அவர் சிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலை விரலால் காட்டினார். "தெரியுங்கண்ணா. போன மாசமே பாத்தேன். ஸ்கூலுக்குப் பக்கத்துலயே ஒரு டைப்பிங் கடை இருக்குதுல்ல? அதைத் தாண்டி எதுக்கு இங்க வந்தேன்னு நெனைக்கிறீங்க? கடிதத்தைப் படிக்காம மடிச்சு வெச்சுக்கிறவங்கதான் நெறையப் பேரு. அடிக்கிறவரு ஒரு எழுத்து விடாமப் படிச்சுத்தான ஆகணும்."

என்னை ஏமாற்றியவர்களில் இவ்வளவு மரியாதையாக ஏமாற்றியவர் அவர் ஒருவர்தான்.

"இப்ப என்னங்க பண்றது?"

"மீட்டிங்குக்கு அரை மணி நேரம் இருக்குது. அடிங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவளை எழுப்பாம அடிங்க."

அதுதான் சிக்கல். மெஷின் மூடி மேல் மகளின் தலை. திறக்காமல் காப்பி எடுக்க முடியாது. கடைசியில் எண்பது பிரதியையும் பிரிண்டரிலேயே ஒவ்வொன்றாக எடுத்தோம். அந்தப் பிரிண்டர் ஒரு பக்கம் துப்புவதற்குள் ஒரு தோசை வெந்துவிடும். ஆலோசகர் பேப்பர் வைக்க, நான் உருவ, பாதியில் நின்றால் இருவரும் அதன் முதுகில் தட்ட, மீட்டிங் தொடங்க ஒரு மணி நேரம் தாமதம். அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடியபோது என் நெஞ்சு அடித்த அடியை மணியில் அடித்திருந்தால் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை எழுந்திருப்பார்கள். மகள் தானே எழுந்து கடையைப் பூட்டினாள் என்று பிறகு தெரிந்தது.

மீட்டிங்கில் மிளகு வியாபாரி மணிப் பத்தியை உரக்கப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, முட்ட வாங்கச் சொன்ன மகராசா! என்னங்க இது?"

"நானே அடிச்சதுங்க" என்றேன்.

"மணியா, லெட்டரா?"

"ரெண்டுமுங்க."

சிரிப்பில் எனக்குத் தண்டனை தள்ளுபடியானது. மறுநாளே மணியைப் பள்ளியில் ஒப்படைத்தேன்.

சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மணியில்லாத முதல் காலையில் மூன்றரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நாலரை ஆனது. மற்ற நான்கு வீட்டில் யாராவது திருட்டுத்தனமாக விளக்குப் போட்டிருக்கிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே மிளகு வியாபாரியின் ஜன்னலில் அவரும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி போர்வைக்குள்ளிருந்து, "ஏனுங்க, புள்ளைக்குத்தான் தூக்கம் வேணும்னு எழுதியிருக்குது. எனக்கு வேண்டாம்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?" என்றாள்.

ஆறரைக்கு எழுந்த மகள் விடிந்திருப்பதைப் பார்த்து அழுதேவிட்டாள். "ஏம்ப்பா எழுப்பல? மூணு மணி நேரம் போச்சே!" ஆலோசகர் சொன்னபடி அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, சாயங்காலத்துக்கு மேல் டீயையும் டிவியையும் நிறுத்தி, படிப்பை மாலைக்கு மாற்றினோம். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கணக்கை நான் தப்பாகப் போட்டதைப் பிடித்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

பொதுத்தேர்வில் கணக்கு அன்று, கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நானும் மிளகு வியாபாரியும் நின்றோம். பிள்ளை கவிழ்ந்துவிட்டாளா என்று மதிலேறிப் பார்க்கப் போன என்னை அவர்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசி மணி அடித்தது. மணிச்சத்தம் கேட்டதும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

அவள் ஓடி வந்தாள்.

"தூங்குனியா கண்ணு?" என்றேன். பரீட்சை எப்படி என்று கேட்க வேண்டிய அப்பன்.

"எதுக்குப்பா தூங்கணும்? நேத்தே நல்லாத் தூங்கிட்டேன். அடிஷனல் ஷீட் மூணு வாங்குனேன். கடைசிக் கணக்கைச் சரிபாக்கவும் நேரம் இருந்துச்சு."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கடையைத் திறக்காமல் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை.