இழை அறுந்த சைகை

மில் வேலையை விட்டுவிட்டு நேரலையில் புடவை விற்க வந்தது ஆசைப்பட்டு அல்ல. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே இரைத்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வட்ட விளக்கு ஒன்று, போன் ஒன்று, குறுக்கே கட்டிய கொடிக்கயிறு, கடை அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவர் என்னை நம்பிப் புடவை கொடுத்தார். விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் நான் திருப்பிக் கொடுத்ததுதான் அதிகம். இந்த மூட்டையும் அப்படியே திரும்பி வந்தால் இனிமேல் கஷ்டம் என்று தன்மையாகவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு மறுபடி மில்தான், மறுபடி அந்தத் தூசிதான்.

போனுக்குப் பின்னால் உட்கார்ந்து இன்னொரு போனில் கமெண்ட் பார்ப்பவள் என் சிநேகிதி. ஸ்பின்னிங்கில் என் பக்கத்து மிஷினில் நின்றவள். இரவு ஷிப்ட் முடித்து, அரைத் தூக்கத்தோடு வருவாள். அவள் பேசினால் நேரலையில் கேட்டுவிடும் என்பதால் எங்களுக்குள் மில் சைகைதான். மிஷின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாரும் கையால்தான் பேசுவோம். உள்ளங்கையை அமுக்கினால் மெதுவாகப் போ. விரலைச் சுழற்றினால் அடுத்தது.

எனக்கோ அவசர புத்தி. புடவை நம்பரைச் சொல்லி, முந்தியை விரித்து, உடனே அடுத்த புடவைக்குத் தாவிவிடுவேன். நான் காட்டுவது பார்ப்பவர்களுக்குப் போய்ச் சேரவே சில விநாடி ஆகும். அவர்கள் யோசித்து, நம்பரைத் தட்டி அனுப்புவதற்குள் என் கையில் வேறு புடவை இருக்கும். சிநேகிதி உள்ளங்கையை அமுக்கிக்கொண்டே இருப்பாள். பேசாமல் நிற்கும் அந்தச் சில விநாடியை என்னால் தாங்க முடியாது.

இன்னொரு கூத்தும் உண்டு. சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் வாங்குவார்கள் என்று நம்பி, நாக்கைச் சுளுக்கிக்கொண்டு டிவி தமிழில் பேசினேன். கூட வேலை பார்த்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது, அதனால் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பாதி மூட்டை காட்டி முடித்தாயிற்று. ஒருத்தி நேரில் இதே கலர்தானா என்று கேட்டாள். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். பார்ப்பவர்கள் இருந்தார்கள், ஒருவரும் நம்பர் போடவில்லை. சிரித்த முகத்தோடே சிநேகிதிக்குச் சைகை காட்டினேன்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, படக்கென்று பிரித்தேன். இழை அறுந்துவிட்டது. மில்லில் இந்தச் சைகையைக் கண்டால் பக்கத்தில் நிற்பவள் ஓடிவந்து இழையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தன் மிஷினுக்குத் திரும்புவாள். நான் சொன்னது முடித்துக்கொள்வோம் என்ற அர்த்தத்தில்தான்.

சிநேகிதி கையிலிருந்த போனை என் பக்கம் திருப்பினாள். பூப்படம் வைத்த யாரோ எழுதியிருந்தார்கள்: "ஏட்டி, எந்த மிஷின்? இந்தா வாரேன்."

கை காமிராவில் விழுந்திருக்கிறது. வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அதே பூப்படத்திலிருந்து அடுத்த கமெண்டும் வந்தது: "மூடிராத. பகல் ஷிப்ட் விடப் போகுது. வெளிய வந்து, கேட்டுல குடுத்த போன வாங்கட்டும், செத்த நேரம் ஓட்டு."

ஓட்டினேன். அவர்கள் வரட்டும் என்று நல்ல புடவைகளை அடியில் வைத்துவிட்டு, முதலில் காட்டியவற்றையே மறுபடி எடுத்தேன். தோளில் போட்டுக் காட்டினேன், கரையை விரலால் அளந்தேன், உள்பக்கம் திருப்பினேன், பிளவுஸ் துணி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டினேன். பேச்சு தானாக எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. பக்கத்துச் செட்டியார்பட்டியிலிருந்து ஒருத்தி இப்பத்தான் புரியுற மாதிரி பேசுதெ என்று எழுதினாள்.

ஷிப்ட் விட்டதும் கமெண்ட் கொட்டத் தொடங்கியது. சிநேகிதி உள்ளங்கையை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை புடவையைக் கீழே வைக்கவில்லை. அவள் விரலைச் சுழற்றிய பிறகே அடுத்தது. எல்லாம் ஒற்றைப் புடவைகள். யார் நம்பர் முதலில் வந்ததோ அவர் பெயரை வாசித்து, வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிப் பணம் போட்டால்தான் உறுதி, இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அரக்குப் புடவைக்கு இரண்டு பேர் போட்டி. பிந்தியவளுக்கு முகம் வாடுமுன் கத்தரிப்பூக் கலரை எடுத்து நீட்டினேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

மூட்டை முழுதும் தீரவில்லை. ஆனாலும் மடவார் வளாகத்துக்கு நிமிர்ந்து போகலாம்.

முடிக்கும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்கும் சைகையே போதும் என்று தோன்றியது. கையை காமிராவுக்கு நேராக உயர்த்தி, இரண்டு விரல் நுனியையும் சேர்த்து முறுக்கிக் காட்டினேன். இழை சேர்ந்துவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. அந்தச் சில விநாடியும் பேசாமல் நின்றேன்.

பூப்படத்திலிருந்து பதில் வந்தது: "சரி ஏட்டி. நான் என் மிஷினுக்குப் போறேன்."