ஃபுல் ரேஞ்சில் காணாமல் போன முகம்

அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு பலகை தொங்கும் ஓட்டலில் எந்தப் பக்கம் உட்கார்வது என்று நான் யோசித்ததே கிடையாது. அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டுதான் என் எடிட்டிங் மானிட்டரையும் செட் செய்தேன். மெனுவில் ‘ரேஞ்ச்’ என்று ஒன்று இருந்தது. அதற்குக் கீழே ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ என்று இரண்டு. ஆசைப்பட்டு வாங்கிய பொருளுக்கு யாராவது லிமிடெட் போடுவார்களா? ஃபுல் போட்டேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் கடலூர் பக்கத்துக் கல்யாணங்களையெல்லாம் என் கையாலேயே இருட்டடித்தேன்.

2010 வாக்கில் இது. செம்மண்டலத்தில் ஒரு மாடி அறை எனக்கு வீடாகவும் எடிட்டிங் ரூமாகவும் இருந்தது. சிதம்பரத்தில் இருந்த என் கேமராமேன் நண்பர் முகூர்த்தம் முடிந்ததும் வீடியோவை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்து, ஒரு டீ குடித்து, என்னை மச்சான் என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் என்னோடு பேசுகிறவர்கள் திரைக்குள் இருந்த உறவுக்காரர்கள்தான். யாருடைய மாமா பந்தியில் இரண்டாம் தடவை உட்கார்ந்தார், எந்தச் சித்தி யாரோடு பேசவில்லை எல்லாம் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தால் பழக்க தோஷத்தில் சிரித்துவிடுவேன். அவர்கள் கைப்பையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்த கல்யாணங்களை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அழிக்க எனக்கு மனசு வராது. அழித்தால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அந்த அறைச் சுவர் மஞ்சள். வீட்டுக்காரர் வாஸ்து பார்த்து அடித்தது. கலர் சரிசெய்யும்போது ஏனோ எல்லாப் படமும் கொஞ்சம் நீலமாகத் தெரியும். நானும் கொஞ்சம் மஞ்சள் கூட்டுவேன். கல்யாண வீட்டில் மஞ்சள் ஜாஸ்தி என்று எவரும் புகார் சொல்லவில்லை.

புகார் வேறு விதமாக வந்தது. கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு டீச்சர், கையில் டிஸ்க்கோடு படியேறி வந்தார். அவர் தம்பியின் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. தம்பி கல்யாணம் முடிந்த கையோடு துபாய்க்குப் போய்விட்டார். அங்கே டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு போனில் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, என் கல்யாணத்துக்கு நீ வரவே இல்லியா?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து அம்மா அந்த டிஸ்க்கைத் தொடுவதில்லையாம்.

நான் என் மானிட்டரில் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் இடத்தில் மணவறைத் தூணோரம் மெரூன் பட்டில் அம்மா நிற்கிறார். மங்கலாக இருந்தாலும் முகம் தெரிகிறது. டீச்சர் குனிந்து பார்த்தார்.

“இங்க தெரியுது சார். எங்க வூட்ல தெரியலியே.”

டிவி பழசா என்று கேட்டேன். பழசுதான் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. திரையின் நிறத்தைச் சோதிக்கும் கலர் பார் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு டிவியைத் திருத்தக் கிளம்பினேன். நோயாளி வீட்டுக்குப் போகும் டாக்டரின் நடை வேறு எனக்கு.

கலர் பாரின் கீழ் மூலையில் மூன்று கறுப்புப் பட்டைகள் இருக்கும். முதலாவது கறுப்பை விடக் கறுப்பு, நடுவில் கறுப்பு, மூன்றாவது ஒரு மயிரிழை வெளுப்பு. சரியான திரையில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும், மூன்றாவது மட்டும் லேசாகத் தெரியும். அந்தப் பழைய டிவியில் அப்படியேதான் தெரிந்தது. என் மானிட்டரில் மூன்றுமே தனித்தனியாகத் தெரியும். அடுத்தவனுக்குத் தெரியாததும் நம் மானிட்டரில் தெரிகிறது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தேன்.

பிறகு கல்யாணத்தைப் போட்டார்கள். தூணோரம் ஒரு பட்டுப் புடவைக் கரையும் ஒரு மூக்குத்தி மினுமினுப்பும் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“மூக்குத்தி மட்டும் கல்யாணத்துக்கு வந்துக்குது. நான் வூட்லயே இருந்துட்டேன் போலக்குது.”

டிவியில் ஒன்றும் கோளாறில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து வந்துவிட்டார்.

விஷயம் எளிமையானது. வெளிச்சத்துக்குப் பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை படிகள். வீடியோவில் கறுப்பு பதினாறாம் படியில் இருக்கும், வெள்ளை இருநூற்று முப்பத்தைந்தில். ஃபுல் என்று வைத்த மானிட்டரோ கறுப்பு பூஜ்யத்தில் வரும் என்று எதிர்பார்க்கும். ஆகவே பதினாறைச் சாம்பலாகக் காட்டும். படம் வெளுத்திருக்கிறதே என்று நான் நிழலையெல்லாம் கீழே அழுத்தியிருக்கிறேன். என் அறையில் அது அழகு. மற்றவர்கள் வீட்டில் பாதாளம். லிமிடெட்டுக்கு மாற்றினேன். என் ஒரு வருஷத்து உழைப்பு கண்ணெதிரே இருண்டது.

படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் ஸ்கோப் என்று ஒன்று எடிட்டிங் மென்பொருளிலேயே இருந்தது. கண் இருக்கும்போது கிராஃப் எதற்கு என்று மூடி வைத்திருந்தேன். திறந்தேன். அம்மா நின்ற பக்கமெல்லாம் வேவ்ஃபார்ம் என்ற வெளிச்சக் கிராஃபின் தரையில் ஒட்டிக் கிடந்தது. அதுவரை என் கண் சொன்னதை நம்பியிருந்தேன். கண்ணோ சுவர் சொன்னதை நம்பியிருந்தது. மஞ்சளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதுவும் நீலமாகத்தான் தெரியும்.

ஆகவே சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னேன், எந்தச் சாயலும் கலக்காத வெறும் சாம்பல், பளபளப்பு இல்லாமல். பெயிண்டர் இரண்டு கோட்டும் முடித்துவிட்டு, “சார், இதுக்கு மேல என்னா கலரு அடிக்கணும்?” என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். ஏதோ துக்க வீட்டை விட்டுப் போவது போலச் சொல்லிக்கொள்ளாமல் போனார். மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு பகல்வெளிச்ச டியூப் லைட், துணி சுற்றி மங்கலாக. ஜன்னலுக்குத் திரை. மானிட்டரின் கலர் டெம்பரேச்சரை நீலம் தூக்கலான ‘கூல்’ என்ற மோகத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வினுக்கு இறக்கினேன். என் ஆரஞ்சு சட்டை மானிட்டரில் பிரதிபலிப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டையையும் சாம்பலுக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் சட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலை மட்டும் மிதந்தது.

டீச்சர் வீட்டுக் கல்யாணம் ஹார்ட் டிஸ்க்கில் அழியாமல் இருந்தது. என் தனிமை ஒரு குடும்பத்துக்காவது உபயோகப்பட்டது. முதலில் இருந்து ஆரம்பித்தேன். நிழலை மெல்லத் தூக்கினேன். வேவ்ஃபார்மின் தரையிலிருந்து ஒரு சின்ன மேகம் எழுந்து வந்தது, அதுதான் அம்மா. நிறம் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. மாப்பிள்ளை, பெண், கறுத்த மாமா, வெளுத்த மாமி எல்லோர் முகமும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டில்தான் வந்து விழுகிறது. கொஞ்சம் கலரா போடுங்க என்று கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டியிருக்கலாம். அம்மாவும் கோட்டுக்கு வந்தார். நெற்றி, பொட்டு, தாடை எல்லாம் தெளிவு. அவர் எப்படி நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்றெல்லாம் நான் கவனிக்கவில்லை. அது எந்த ஸ்கோப்பிலும் வராது.

புது டிஸ்க்கை நானே எடுத்துக்கொண்டு போனேன். அம்மா இந்தத் தடவை டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். தாலி கட்டும் இடம் வந்தது. தூணோரம் முழுசாக அவர். சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கி, உதட்டை இறுக்கி ஒரு பார்வை. மாப்பிள்ளையின் கை முடிச்சுப் போடும் வரை அந்தப் பார்வை மாறவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு டீச்சர் வேகமாக நடந்து வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லத் தயாராக நின்றேன்.

“அம்மாவுக்கு உங்க மேல கோவம்லாம் இல்ல சார். தம்பிக்கு மட்டும் இத அனுப்ப வாணாம்னு சொல்றாங்க. பழைய டிஸ்க்கே போதுமாம். அதுல அவுங்க யாரையும் மொறைக்கலியாம்.”